திருத்திச் சேவ் செய்த அட்டாச்மென்ட் எங்கே போகிறது?

சென்னை மண்ணடியிலும் தம்புச் செட்டித் தெருவிலும் இருக்கிற கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவர்களிடம் கேட்டால், எல்லாரும் ஒரே புகாரைச் சொல்வார்கள். மெயிலில் வந்த எக்செல் ஃபைலைத் திறந்து, அரை நாள் உட்கார்ந்து திருத்தி, சேவ் செய்து மூடியாயிற்று. மறுபடி அதே மெயிலுக்குப் போய்த் திறந்தால் காலையில் வந்த பழைய ஃபைல்தான் இருக்கிறது. டெஸ்க்டாப்பில் இல்லை, டாக்குமென்ட்ஸில் இல்லை, விண்டோஸ் தேடலில் பெயரைப் போட்டாலும் ஒன்றும் வருவதில்லை.

சேவ் ஆகாமல் போயிருந்தால் அது வேறு கதை. இங்கே சேவ் ஆகியிருக்கிறது, அதுவும் ஒழுங்காகத்தான் ஆகியிருக்கிறது. ஆள் நினைத்த இடத்தில் ஆகவில்லை, அவ்வளவுதான். அந்த இடம் எது, அங்கே ஃபைல் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பது தெரிந்தால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். தெரியாமல் அவுட்லுக்கை மூடி, மெஷினை ரீஸ்டார்ட் செய்து, கூடவே ஒரு கிளீனர் மென்பொருளையும் ஓட்டிவிட்டால் நிஜமாகவே போய்விடும்.

விண்டோஸில் நிறுவிப் பயன்படுத்தும் பழைய மாதிரி அவுட்லுக்கை எடுத்துக்கொள்வோம். துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஆபீஸ்களில் இன்னும் அதிகம் ஓடுவது அதுதான். மெயிலில் இருக்கும் அட்டாச்மென்ட் அந்த மெயிலின் உள்ளே அடங்கியது. பிஎஸ்டி, ஓஎஸ்டி என்று ஒரே பெரிய ஃபைலுக்குள் எல்லா மெயில்களோடும் சேர்ந்து கிடக்கிறது. எக்செல்லால் அதற்குள் நேரடியாகக் கை வைக்க முடியாது. அதனால் நீங்கள் இரட்டைக் கிளிக் செய்தவுடன் அவுட்லுக் அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து, தனக்கென்று வைத்திருக்கும் தற்காலிக ஃபோல்டரில் போட்டு, அந்த ஜெராக்ஸைத்தான் எக்செல்லிடம் கொடுக்கிறது. நீங்கள் எழுதுவதெல்லாம் ஜெராக்ஸ் மேல்தான். மெயிலுக்குள் இருக்கும் அசலுக்கு இதெல்லாம் நடப்பதே தெரியாது. அதனால்தான் மறுபடி திறக்கும்போது பழையது வருகிறது. அதே மெயிலை அப்படியே ஃபார்வர்டு செய்தால் எதிர்ப்பக்கத்துக்கும் பழையதுதான் போகும். பாதிப் பேருக்கு விஷயம் தெரிய வருவதே அப்போதுதான், "என்னங்க, நான் அனுப்பினதையே திருப்பி அனுப்பியிருக்கீங்க" என்று எக்ஸ்போர்ட்டர் கூப்பிடும்போது.

அந்தத் தற்காலிக ஃபோல்டர் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இங்கே இருக்கும்:

```
%LOCALAPPDATA%\Microsoft\Windows\INetCache\Content.Outlook\
```

இதற்குள் எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த பெயரில் இன்னொரு ஃபோல்டர் இருக்கும். அந்தப் பெயர் மெஷினுக்கு மெஷின், ஆளுக்கு ஆள் வேறுபடும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். வைரஸ் ஏதாவது அட்டாச்மென்டாக வந்தால், தான் எந்த ஃபோல்டரில் இறங்கப் போகிறோம் என்று அது முன்கூட்டியே ஊகித்துவிடக் கூடாது என்பது கணக்கு. அதே காரணத்துக்காக இந்த இடம் கண்ணில் படாதபடியும் வைக்கப்பட்டிருக்கிறது. 'மறைந்த ஃபைல்களைக் காட்டு' என்று செட்டிங் போட்டுவிட்டு ஒவ்வொரு ஃபோல்டராகக் கிளிக் செய்து போனாலும் INetCache வரை வந்து முட்டி நிற்பீர்கள். Content.Outlook அங்கே தென்படாது. விண்டோஸ் தன் சொந்த சிஸ்டம் ஃபைல்களை மறைப்பதற்கென்று தனியாக ஒரு செட்டிங் வைத்திருக்கிறது, அதையும் எடுத்தால்தான் தெரியும். ஆனால் முழு விலாசத்தையும் டைப் செய்தால் நேராகத் திறந்துகொள்ளும். ஸ்டார்ட் மெனு தேடலில் வராததற்கும் காரணம் உண்டு. AppData என்ற ஃபோல்டரையே விண்டோஸின் தேடல் அட்டவணை வழக்கமாகச் சேர்த்துக்கொள்வதில்லை. தேடி வரவில்லை என்பதால் ஃபைல் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

சரி, ஃபைல் அங்கே எவ்வளவு நேரம் இருக்கும்? எல்லாமே இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. யார் பெயர் வைத்த ஃபைல் என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

அவுட்லுக் தானே எடுத்துப் போட்ட நகலை அது கணக்கில் வைத்திருக்கிறது. மெயிலை மூடும்போதோ அவுட்லுக்கை மூடும்போதோ, அந்த நகல் வேறெங்கும் திறந்திருக்கவில்லை என்றால் துடைத்துவிடும். அந்த நேரத்தில் எக்செல்லில் அது திறந்தே இருந்தாலோ, அவுட்லுக் திடீரென்று நின்றுபோனாலோ, கரண்ட் போய் மெஷின் அணைந்தாலோ, துடைக்க முடியாமல் அங்கேயே தங்கிவிடும். ஆனால் நீங்களே 'சேவ் ஆஸ்' போய் வேறு பெயர் கொடுத்து அதே ஃபோல்டருக்குள் வைத்த ஃபைல் அவுட்லுக்கின் கணக்கில் இல்லை. அது அவுட்லுக்கை மூடினாலும் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். நாள்கணக்கில்கூடக் கிடக்கும், யாராவது வந்து மொத்தமாகச் சுத்தம் செய்யும் வரைக்கும்.

நல்லவேளையாக இப்போதுள்ள பதிப்புகளில் பலரும் தெரியாமலேயே இரண்டாவது வழியில்தான் போகிறார்கள். அவுட்லுக் கொடுக்கும் நகல் படிக்க மட்டுமே என்ற நிலையில் திறக்கிறது. முதலில் மேலே மஞ்சள் பட்டையோடு பாதுகாப்புப் பார்வையில் வரும். Enable Editing அழுத்தினால் செல்லுக்குள் எழுதலாம், ஆனால் தலைப்பில் Read-Only என்று இருந்துகொண்டேயிருக்கும். கண்ட்ரோல் எஸ் அழுத்தினால் இதே பெயரில் சேவ் செய்ய முடியாது, வேறு பெயரிலோ வேறு இடத்திலோ வை என்று ஒரு பெட்டி வரும். ஓகே கொடுத்தால் சேவ் ஆஸ் திறக்கும். ஆபத்தான இடம் இதுதான். பல பதிப்புகளில் அந்த சேவ் ஆஸ் பெட்டி, ஃபைல் இப்போது எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அதையே காட்டிக்கொண்டு திறக்கிறது. அதாவது அந்த எட்டெழுத்து ஃபோல்டரை. அவசரத்தில் இருக்கிறவர் பெயரின் கடைசியில் ஒரு 'ஃபைனல்' சேர்த்து என்டர் தட்டிவிடுவார். மேலே எந்த ஃபோல்டர் என்று யார் பார்க்கிறார்கள்? மாதச் சந்தாவில் வரும் புதிய ஆபீஸில் சின்ன சேவ் பெட்டி வந்து டாக்குமென்ட்ஸையோ ஒன்டிரைவையோ முன்னிறுத்துவதால் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதனால் தற்காலிக ஃபோல்டருக்குப் போகுமுன் அந்த இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஒரு நடப்பைச் சொன்னால் விளங்கும். தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். காசிமேட்டுச் சரக்கை ஏற்றுமதி செய்கிற ஒருவர் உறைந்த கணவாய்க்கான பேக்கிங் லிஸ்ட்டை PL_0417.xlsx என்ற பெயரில் மெயிலில் அனுப்பியிருந்தார். மொத்தம் 1,240 அட்டைப்பெட்டி, பெட்டிக்கு 20 கிலோ வீதம் நிகர எடை 24,800 கிலோ. ஏற்றும்போது நாலு பெட்டி சேதமாகி ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆக 1,236 பெட்டி, 24,720 கிலோ. மொத்த எடையும் பெட்டிக்கு 21.5 கிலோ கணக்கில் 26,660இலிருந்து 26,574 ஆகக் குறைகிறது. கேட்பதற்குச் சின்ன மாற்றம். ஆனால் அந்த லிஸ்ட்டில் பெட்டி எண்கள் சைஸ்வாரியாகப் பிரிந்து கிடந்தன. நாலு பெட்டியும் இரண்டு வெவ்வேறு சைஸில் இருந்தவை. அதனால் வரிசை எண்களை எல்லாம் மாற்றிப் போட வேண்டியிருந்தது. இதிலிருந்து பிடிஎஃப் எடுத்துக் கையெழுத்துப் போட்டு கஸ்டம்ஸின் இ-சஞ்சித் தளத்தில் ஏற்ற வேண்டும். ஷிப்பிங் பில்லில் உள்ள எண்ணும் இதுவும் ஒத்துப்போக வேண்டும்.

டாக்குமென்டேஷன் பார்க்கும் பெண் எல்லாவற்றையும் திருத்தி, சேவ் செய்து, எக்செல்லை மூடிவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து மெயிலைத் திறந்தால் 1,240. "அண்ணே, சத்தியமா சேவ் பண்ணேன். பேரு கேட்டுச்சு, ஃபைனல்னு போட்டேன்" என்று சர்வீஸ் ஆளிடம் போனில் சொல்லியிருக்கிறார். பெயர் கேட்டது என்ற அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி வேலை முடிந்தது. பெயர் கேட்டிருந்தால் அது அவர் பெயர் வைத்த ஃபைல். அப்படியென்றால் அவுட்லுக் அதைத் துடைத்திருக்க வாய்ப்புக் குறைவு.

"அவுட்லுக்க அப்படியே வுட்டுடும்மா, மூடாத. எக்செல்ல மட்டும் தெற. ஃபைல், ஓப்பன், ரீசென்ட்."

தேடலை எப்போதும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சேவ் செய்த இடம் மனிதருக்கு மறந்தாலும் எக்செல்லுக்கு மறக்காது. கடைசியாகத் திறந்த ஃபைல்களின் பட்டியலில் பெயரோடு முழு விலாசத்தையும் அது வைத்திருக்கிறது. அந்தப் பெண்ணின் திரையில் இரண்டு பெயர்கள் மேலும் கீழுமாக இருந்தன. ஒன்று PL_0417.xlsx, இன்னொன்று PL_0417 final.xlsx. முதலாவதை அழுத்தியபோது ஃபைலைக் காணவில்லை என்று எக்செல் சொல்லிவிட்டது. அது அவுட்லுக் வைத்திருந்த நகல். மெயிலை மாற்றி மாற்றித் திறந்து மூடியதில் துடைக்கப்பட்டிருந்தது. இரண்டாவதை அழுத்தியதும் 1,236 வந்து நின்றது. ஒரே ஃபோல்டரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ஃபைல்களில் ஒன்று போய், ஒன்று பிழைத்திருக்கிறது. பெயர் வைத்தது யார் என்பதுதான் வித்தியாசம்.

திறந்ததோடு வேலை முடியவில்லை. ஃபைல் இன்னும் அதே பாழும் ஃபோல்டரில்தான் இருக்கிறது. எஃப்12 அழுத்தினால் முழு சேவ் ஆஸ் பெட்டி வரும். அதில் இடதுபக்கம் டாக்குமென்ட்ஸையோ அந்த ஷிப்மென்டின் ஃபோல்டரையோ தேர்ந்தெடுத்துச் சேவ் செய்தபின், பட்டியலில் அந்தப் பெயரின்மேல் சுட்டியை வைத்துப் பார்த்தால் புது விலாசம் தெரியும். அது சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அவுட்லுக்கை மூடச் சொன்னார் சர்வீஸ் ஆள்.

ரீசென்ட் பட்டியலில் இல்லை என்றால்? பட்டியலை யாராவது காலி செய்திருக்கலாம், அல்லது ஒரே மெஷினில் இரண்டு மூன்று பேர் தனித்தனி லாகினில் வேலை செய்யும் ஆபீஸாக இருக்கலாம். இந்தக் கடைசி விஷயம் இங்கே அடிக்கடி நடக்கிறது. காலை ஷிஃப்ட் பெண் தன் லாகினில் திருத்திவிட்டுப் போயிருப்பார், மாலையில் வந்தவர் தன் லாகினில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருப்பார். மேலே சொன்ன ஃபோல்டர் லாகினுக்கு லாகின் தனி. யார் திருத்தினாரோ அவர் பெயரில் நுழைந்துதான் பார்க்க வேண்டும்.

சரியான லாகினில் இருக்கிறீர்கள் என்றால், அந்த எட்டெழுத்துப் பெயரை ஊகிக்க வேண்டாம். அவுட்லுக் அதை ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்திருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து இதைக் கொடுத்தால் முழு விலாசமும் வரும்:

```
reg query HKCU\Software\Microsoft\Office\16.0\Outlook\Security /v OutlookSecureTempFolder
```

இதில் 16.0 என்பது அவுட்லுக் 2016க்கும் அதற்குப் பிறகு வந்தவற்றுக்கும் பொது. 2013 என்றால் 15.0, இன்னும் 2010 ஓட்டிக்கொண்டிருக்கிற மெஷின் என்றால் 14.0. வந்த விலாசத்தைக் காப்பி செய்து, விண்டோஸ் சாவியோடு ஆர் அழுத்தி வரும் பெட்டியில் ஒட்டி என்டர் கொடுத்தால் ஃபோல்டர் திறந்துவிடும். இது பார்ப்பதற்கான கட்டளைதான், எதையும் மாற்றாது. தைரியமாகக் கொடுக்கலாம்.

உள்ளே போய்ப் பார்த்தால் சில மெஷின்களில் தலை சுற்றும். மாதக்கணக்கில் தங்கிப்போன அட்டாச்மென்ட்கள், மெயிலுக்குக் கீழே வரும் கம்பெனி லோகோக்கள், ஒரே பெயரில் நாலைந்து ஃபைல்கள் என்று கிடக்கும். ஒரே அட்டாச்மென்டை மறுபடி திறக்கும்போது பழைய நகல் அங்கேயே இருந்தால், அவுட்லுக் அதன்மேல் எழுதாமல் பெயருக்குப் பின்னால் (002), (003) என்று எண் சேர்த்துக்கொண்டே போகும். மெயிலில் யாராவது உங்களுக்கு INVOICE (002).xlsx என்று அனுப்பினால், அந்த ஃபைல் அவுட்லுக்கின் தற்காலிக ஃபோல்டரைத் தொட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லிவிடலாம். இந்தத் தெருக்களில் (002) இல்லாத இன்வாய்ஸைப் பார்ப்பதுதான் அபூர்வம். பழைய பதிப்புகளில் ஒரே பெயரில் 99 நகல் சேர்ந்துவிட்டால், அதற்குமேல் அந்தப் பெயருள்ள அட்டாச்மென்டைத் திறக்கவே முடியாமல் Can't create file என்று பிழைச் செய்தி வரும். அதைப் பார்த்து டிஸ்க் நிறைந்துவிட்டது என்று நினைத்துப் புது ஹார்டு டிஸ்க் வாங்க வைத்தவர்களும் உண்டு.

இந்தக் குவியலில் உங்கள் ஃபைலை அடையாளம் காணத் தேதிவாரியாக அடுக்குங்கள், புதியது மேலே வரும்படி. ஆனால் தேதியை மட்டும் நம்பிவிடக் கூடாது. கொஞ்ச நேரத்துக்கு முன் வெறுமனே திறந்து பார்த்த பழைய நகலும் இன்றைய தேதியோடு மேலே நிற்கலாம். நீங்கள் மாற்றியது நன்றாக நினைவிருக்கும் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதுதான் உறுதியான வழி. நம் கதையில் அது 1,236. திறக்குமுன் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து டெஸ்க்டாப்பில் ஒரு புது ஃபோல்டருக்குக் காப்பி செய்துவிட்டு, அந்தக் காப்பிகளைத் திறந்து பார்த்தால் இன்னும் நிம்மதி. அப்புறம் அவுட்லுக் எதைத் துடைத்தாலும் கவலையில்லை. கட் செய்து நகர்த்த வேண்டாம், காப்பி மட்டும்.

எந்தப் புரோகிராமிலிருந்து திறந்தோம் என்றே நினைவில்லாதவர்களுக்கு இன்னும் அகலமான ஒரு வலை உண்டு. பெயரில் ஒரு துண்டு நினைவிருந்தால் போதும், அதே கமாண்ட் ப்ராம்ப்டில் கொடுக்கலாம்:

```
dir /s /b /a-d "%LOCALAPPDATA%\*0417*"
```

மறைந்த ஃபைல்களையும் சேர்த்து, அந்த லாகினின் எல்லாத் தற்காலிக இடங்களையும் இது ஒரே வீச்சில் துழாவிவிடும். புதிய வகை அவுட்லுக் அட்டாச்மென்டை வேறொரு ஃபோல்டரில் போடுகிறது, அதுவும் இதற்குள்தான் அடங்கும். மெயிலில் ஜிப்பாக வந்ததை விண்டோஸிலேயே பிரித்துப் பார்த்து, உள்ளே இருந்த எக்செல்லை நேராக இரட்டைக் கிளிக் செய்து திருத்தியவர்களுக்கும் இது உதவும். அப்படித் திறப்பது Temp ஃபோல்டரில் ஜிப்பின் பெயரையும் சேர்த்துப் பெயர் வைத்த ஒரு ஃபோல்டருக்குள் போய் உட்காரும். கஸ்டம்ஸ் பேப்பர்களை மொத்தமாக ஜிப் போட்டு அனுப்பும் எக்ஸ்போர்ட்டர்கள் நிறையப் பேர் இருப்பதால், அவுட்லுக்குக்கு அடுத்தபடியாக ஃபைல் தொலைவது இந்த வழியில்தான்.

பிரவுசரில் மெயில் பார்ப்பவர்களுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. அவர்கள் திறப்பது பெரும்பாலும் டவுன்லோட்ஸில் இறங்கியிருக்கும், கண்ட்ரோல் ஜே அழுத்தினால் பட்டியல் வந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் 2022 மார்ச்சில் வந்த 98ஆம் பதிப்பு வரை, 'திற' என்று கொடுத்தவை தற்காலிக ஃபோல்டருக்குப் போய், பிரவுசரை மூடும்போது அழிந்துகொண்டிருந்தன. அதற்குப் பிறகு அவையும் டவுன்லோட்ஸுக்கே வருகின்றன.

இனி கெட்ட செய்திக்கு வருவோம். பழைய பதிப்பு ஒன்றில் பெயர் எதுவும் கேட்காமல் அதே பெயரிலேயே சேவ் ஆகி, எக்செல்லையும் மூடி, அவுட்லுக்கையும் மூடியாயிற்று என்றால், அவுட்லுக் அந்த நகலைத் துடைத்திருக்கும். இது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராக அழியும். பலர் இந்தக் கட்டத்தில் எக்செல்லின் தானியங்கி மீட்பை நம்பி Recover Unsaved Workbooks பக்கம் போவார்கள். அது சேவ் செய்யாமலே மூடிய ஃபைல்களுக்கானது. ஒழுங்காகச் சேவ் செய்து மூடினால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து வைத்திருந்த மீட்பு நகலை இனி தேவையில்லை என்று எக்செல்லே தூக்கி எறிந்துவிடும். நல்ல பிள்ளையாகச் சேவ் செய்தவருக்குக் கிடைக்காது, 'சேவ் செய்யாதே' என்று அழுத்தியவருக்குக் கிடைக்கும். விசித்திரம்தான், ஆனால் அப்படித்தான். சேவ் செய்தோமா இல்லையா என்றே சந்தேகமாக இருந்தால் மட்டும் அங்கே போய்ப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் திறந்து வைத்திருந்த ஃபைல் என்றால் இருக்கலாம். அந்த நகல்களும் நாலு நாள்தான் இருக்கும்.

அழிந்த ஃபைலை மீட்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்டே winfr என்று ஒன்றை இலவசமாகக் கொடுக்கிறது. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால், உடனே மெஷினில் வேறு வேலை எதுவும் செய்யாமல் நிறுத்தி, மீட்டதை ஒரு பென் டிரைவில் வாங்கினால் நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் இப்போது பெரும்பாலான மெஷின்களில் எஸ்எஸ்டி போட்டாயிற்று. அதில் ஒரு ஃபைல் அழிந்தவுடன் அந்த இடத்தைக் காலி செய்துகொள்ளலாம் என்று விண்டோஸ் டிஸ்க்கிடம் சொல்லிவிடுகிறது, டிஸ்க்கும் சீக்கிரமே துடைத்துவிடுகிறது. ரிச்சி தெருவில் ஆயிரக்கணக்கில் பணம் கேட்டு 'டேட்டா ரெகவரி' என்று உட்காரும்முன் டிஸ்க் எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். எஸ்எஸ்டியில் இருந்த ஒரு பேக்கிங் லிஸ்ட்டுக்காக நான் அந்தப் பணத்தைச் செலவழிக்க மாட்டேன். மறுபடி டைப் செய்வது மலிவு. திருத்தும்போது பிரின்ட் எடுத்திருந்தாலோ பாதியில் யாருக்காவது வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாலோ அதிலிருந்து எண்களை எடுப்பது இன்னும் மலிவு.

சில சர்வீஸ் ஆட்கள் இதற்கெல்லாம் ஒரே தீர்வு என்று, மேலே சொன்ன OutlookSecureTempFolder மதிப்பையே மாற்றி, C: டிரைவில் கண்ணுக்குத் தெரியும் ஒரு ஃபோல்டரைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவுட்லுக்கை மூடித் திறந்தால் அது வேலையும் செய்யும். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஃபோல்டர் வெளியே தெரிவதாலேயே அது நிரந்தர இடம் என்று எல்லாரும் நம்பத் தொடங்குகிறார்கள், ஆனால் அவுட்லுக் துடைப்பது மட்டும் நிற்பதில்லை. பல லாகின் உள்ள மெஷினில் ஒருவருக்கு வந்த இன்வாய்ஸை அடுத்தவரும் திறந்து பார்க்கலாம் என்றாகிறது. எளிதில் ஊகிக்க முடியாத பெயர் வைத்ததன் நோக்கமும் அடிபட்டுப் போகிறது. அதைவிட, அட்டாச்மென்டை மெயிலிலிருந்து இழுத்து ஷிப்மென்ட் ஃபோல்டரில் விட்டு, அங்கிருந்து திறக்கச் சொல்லிக் கொடுப்பது மேல். அப்படித் திறந்தால் தலைப்பில் Read-Only வராது, கண்ட்ரோல் எஸ் அழுத்தினால் பெயர் கேட்காமல் அங்கேயே சேவ் ஆகும். ஒருவேளை பெயர் கேட்டால், இழுத்து விட்ட ஃபைலை விட்டுவிட்டு மெயிலிலிருந்தே திறந்துவிட்டோம் என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.